சிஐஎஃப் விலையில் முதல் ஷிப்மென்ட்: இன்வாய்ஸை சிஹெச்ஏ மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார்

இழைப்பந்து (திருப்பூர்) · காலை 10:12

வணக்கமுங்க. இத்தனை வருசம் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டருக்குத் தச்சுக் குடுத்துட்டு இருந்தோம். இப்பத்தான் சொந்த ஐஇசி-யில நேரடியா முதல் ஆர்டர். அமெரிக்க பையர். 4800 பீஸ் ஆம்பளைங்க டி-ஷர்ட், 100 அட்டைப்பெட்டி. தூத்துக்குடியில மத்தவங்க சரக்கோட ஒரே கன்டெய்னர்ல, எல்சிஎல்-ஆ ஏத்தி, கொழும்பு வழியா நியூயார்க் போகுது. பையர் குடுத்த ஆர்டர் பேப்பர், அந்த பிஓ-வுல கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த சிஐஎஃப் விலைதான் இருக்கு, பீஸுக்கு 3.10 டாலர்.

நான் போட்ட இன்வாய்ஸ் இதுதான்:

```
T-SHIRTS  4800 PCS  @ USD 3.10 = USD 14,880.00
100 CTNS   TERMS: CIF
```

மேல ரெண்டு பேர் அட்ரஸ், இன்வாய்ஸ் நம்பர், தேதி, பேங்க் விவரம் எல்லாம் இருக்கு. கஸ்டம்ஸ் வேலை பாக்கற நம்ம சிஹெச்ஏ திருப்பி அனுப்பிட்டே இருக்கார். "டிஸ்கிரிப்ஷன் பத்தாது, கூலி, இன்ஷூரன்ஸைக் கழிச்சு எஃப்ஓபி பிரிச்சுக் காட்டு"ங்கறார். பையரே சிஐஎஃப்-னு எழுதியிருக்கறப்ப நான் எதுக்கு எஃப்ஓபி காட்டோணும்? என்னோட லாபக் கணக்கு பையருக்குத் தெரிஞ்சு போயிடாதுங்களா?

---

கணக்குப்புள்ள · காலை 10:40

தம்பி, சிம்பிள். பிஓ-வுல என்ன இருக்கோ அதைத்தான் இன்வாய்ஸ்ல போடணும். சிஐஎஃப்-னா நியூயார்க் போய்ச் சேர்ற வரைக்கும் சரக்கு உங்க பொறுப்பு. ஷிப்பிங் பில்லுலயும் 14,880-ஐயே எஃப்ஓபி-னு போட்டுடச் சொல்லுங்க. ஏற்றுமதிக்கு கவர்மென்ட் திருப்பித் தர்ற டிராபேக்கும் கொஞ்சம் கூட வரும். எங்க பழைய கம்பெனியில அப்படித்தான் ஓடிச்சு.

---

ஹார்பர் ரோடு (தூத்துக்குடி) · காலை 11:25

கணக்குப்புள்ள சார், முதல் வரி சரி. மத்த ரெண்டும் தப்பு. அதுலயும் கடைசி யோசனையைக் கேட்டா தம்பி மாட்டிக்குவார்.

டிராபேக்கும் ஆர்ஓஎஸ்சிடிஎல்-லும் எஃப்ஓபி மதிப்பு மேல கணக்குப் பண்றது. கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் அதுக்குள்ள சேர்த்துச் சொன்னா, வராத காசுக்குச் சலுகை கேட்ட மாதிரி ஆகும். ஃபார்வர்டர் பில் உங்க ஃபைல்லயே இருக்கும். ஆடிட்ல அதை எடுத்து வச்சுக் கேட்டா பதில் இருக்காது. வட்டியோட திருப்பிக் கட்டணும்.

ரெண்டாவது, சிஐஎஃப்-ல சரக்கோட ஆபத்து நியூயார்க்ல கை மாறுறது இல்லை. தூத்துக்குடியில கப்பல்ல ஏறினதுமே பையர் தலைக்குப் போயிடும். நீங்க குடுக்கறது கூலியும் இன்ஷூரன்ஸும் மட்டும்தான். நடுக்கடல்ல பெட்டி நனைஞ்சா க்ளெய்ம் பண்றது பையர். எழுத்துல பாத்தா சிஐஎஃப் நியூயார்க், ஆபத்து மாறுற இடம் தூத்துக்குடி. இதைக் குழப்பிக்காத ஆளை நான் குறைவாத்தான் பாத்திருக்கேன்.

இழைப்பந்து தம்பி, வெறும் "சிஐஎஃப்"-னு விட்டா பாதி வாக்கியம். எந்த ஊர் வரைக்கும், எந்த வருச இன்கோடெர்ம்ஸ், ரெண்டும் கூடவே வரணும். சிஐஎஃப்-க்குப் பக்கத்துல எழுதறது இறங்குற துறைமுகம், எஃப்ஓபி-க்குப் பக்கத்துல எழுதறது ஏத்துற துறைமுகம். ஃப்ரெய்ட்டு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆச்சு? சொல்லுங்க, கணக்குப் போட்டுடலாம்.

லாபம் தெரிஞ்சிடும்னு பயப்படாதீங்க. எஃப்ஓபி-னா உங்க அடக்க விலை இல்லை. கப்பல் கூலி எவ்வளவுன்னு பையருக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

---

இழைப்பந்து · பகல் 12:02

நன்றிங்ணா. ஃபார்வர்டர் குடுத்த கோட்ல ஃப்ரெய்ட்டு 960 டாலர். இன்ஷூரன்ஸ் 24 டாலர், சிஐஎஃப் மதிப்போட 110 சதவீதத்துக்கு, அதாவது 16,368-க்கு எடுத்திருக்கு.

---

ஹார்பர் ரோடு · பகல் 12:20

அப்ப இன்வாய்ஸ் அடியில இந்த நாலு வரி வரணும்.

```
CIF NEW YORK, INCOTERMS 2020   USD 14,880.00
LESS OCEAN FREIGHT             USD    960.00
LESS INSURANCE                 USD     24.00
FOB TUTICORIN                  USD 13,896.00
```

பீஸுக்கு எஃப்ஓபி 2.895 டாலர். பையர் கட்ட வேண்டியது 14,880-தான், அது மாறாது. பேங்க்ல பணம் வந்து ஷிப்பிங் பில்லோட ஒட்டுறப்பவும் இந்தப் பிரிப்பு இருந்தா கேள்வி வராது.

ஒண்ணு கேக்கறேன். ஃபார்வர்டர் யார் பிடிச்சது? நீங்களா, பையரா? சரக்கு ஏத்தினதுக்குக் குடுக்கற பிஎல்-லோட டிராஃப்ட் வந்திருந்தா அதுல ஃப்ரெய்ட் ப்ரீபெய்டா கலெக்டா பாருங்க.

---

கரூர் தறி · பகல் 12:45

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். நாங்க ஹாம்பர்க்குக்குத் துண்டு அனுப்பறோம், எஃப்ஓபி-யிலதான். ஃப்ரெய்ட்டைக் கழிச்சுக் காட்டறது வேண்டாத வேலை. எங்க ஜெர்மன் பையரோட ஆள் எஃப்ஓபி விலை மேல கூலியைக் கூட்டித்தான் வரி கட்டறார். நீங்க கழிச்சா அவங்க திரும்பக் கூட்டுவாங்க. எதுக்குச் சுத்து வழி?

எனக்கு டிஸ்கிரிப்ஷன்லதான் ஒருதடவை அடி விழுந்துச்சு. "காட்டன் டவல்ஸ்"-னு மட்டும் போட்டுட்டோம். டெரியா, சாதா நெசவான்னு கேட்டு அங்க நிறுத்திட்டாங்க. டெரின்னா 6302 60, சாதா காட்டன்னா 6302 91-ல போகும். போட்டோ எடுத்து, லூப் தெரியற மாதிரி ஜூம் பண்ணி அனுப்பித்தான் வெளிய வந்துச்சு. அஞ்சு நாள் கிடங்கு வாடகையை பையர் நம்ம பில்லுல பிடிச்சுட்டார். அதுக்கப்புறம் "டெரி" இல்லாம ஒரு இன்வாய்ஸ் எங்க ஆபீஸ்ல இருந்து போறதில்லை.

---

நியூவார்க் நிலா · மாலை 6:50

இங்க விடிஞ்சதும் பாத்தேன். நான் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல என்ட்ரி போடறவ. பருத்தி பனியன் இன்வாய்ஸ் தினம் பத்தாவது கையில வரும்.

கரூர் அண்ணா சொன்னது ஐரோப்பாவுக்குச் சரி. அங்க எல்லைக்கு வர்ற வரைக்குமான கூலியும் வரி மதிப்புல சேரும். அமெரிக்காவுல நேர் எதிர். வெளிநாட்டுக் கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் வரி மதிப்புல சேராது, ஆனா இன்வாய்ஸ்ல தனியாத் தெரிஞ்சாத்தான் கழிக்க முடியும். தெரியலைன்னா முழு 14,880-க்கும் உங்க பையர் வரி கட்டணும். கழிக்கிறது உண்மையில குடுத்த தொகையா இருக்கணும், குத்துமதிப்பு எடுபடாது. அந்த 960-க்கு ஃபார்வர்டர் பில் வந்ததும் பையருக்கு ஒரு காப்பி போட்டுடுங்க. கோட்டுக்கும் பில்லுக்கும் வித்தியாசம் வந்தா இன்வாய்ஸையும் திருத்துங்க.

இப்ப டிஸ்கிரிப்ஷன். தம்பி, "டி-ஷர்ட்ஸ்"-னு ஒரு சொல் வந்தா நான் என்ட்ரி போட மாட்டேன், திருப்பி மெயில்தான் போடுவேன். 4800-ம் ஒரே துணியா? என்ன நிறம்? பாக்கெட் உண்டா?

---

இழைப்பந்து · இரவு 7:30

ரெண்டு ஸ்டைல்ங்கக்கா. வெள்ளை 3000 பீஸ், நூறு சதம் காட்டன் சிங்கிள் ஜெர்சி, கழுத்து ரிப்ல மட்டும் 5 சதம் எலாஸ்டேன். இடது மார்புல சின்னப் பாக்கெட். இன்னொண்ணு சார்கோல் மெலாஞ்ச் 1800 பீஸ், அது பாலியெஸ்டர் 60 காட்டன் 40, பாக்கெட் இல்லை. ரெண்டுக்கும் ஒரே விலை. அதான் ஒரே லைன்ல போட்டுட்டேன்.

---

கணக்குப்புள்ள · இரவு 7:41

டி-ஷர்ட்டுன்னா 6109 10 தானே. திருப்பூர்ல எல்லாரும் அதைத்தான் போடறாங்க.

---

நியூவார்க் நிலா · இரவு 8:15

திருப்பூர்ல எல்லாரும் காட்டன் தைக்கறதால அப்படித் தோணுது. 6109 10 காட்டனுக்கு. கலப்புத் துணியில எடையில எது அதிகமோ அதோட கணக்குலதான் போகும். அந்தச் சார்கோல்ல பாலியெஸ்டர் 60, அது 6109 90. இது வெறும் நம்பர் விளையாட்டு இல்லை. இங்க அடிப்படை வரியே காட்டன் டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32 சதவீதம். நாடு வாரியாப் போடற கூடுதல் வரியெல்லாம் தனி, அதை இதுல கலக்கலை. 1800 பீஸை காட்டன்னு எழுதி அனுப்பி, சாம்பிள் லேப்ல பாலியெஸ்டர்னு தெரிஞ்சா, பாதி வரி ஏய்ச்சதா பையர் மேல நோட்டீஸ் போகும். அடுத்த ஆர்டர் உங்களுக்கு வராது.

ஃப்ரெய்ட் பிரிச்சதுல எவ்வளவு மிச்சம்னும் பாத்துக்கங்க. 984 டாலரை பீஸ் கணக்குல பங்கிட்டா வெள்ளைக்கு 615, சார்கோலுக்கு 369. முதலாவதுல 16.5 சதவீதம், ரெண்டாவதுல 32 சதவீதம்னா சேர்த்து கிட்டத்தட்ட 220 டாலர். பையருக்கு அது உங்க 70 பீஸோட விலை.

இன்வாய்ஸ்ல வேண்டியது: ஆணா பெண்ணா, பின்னலா நெசவா, கை நீளம், கழுத்து, வெளித்துணியோட இழை சதவீதம், முழு உடுப்புக்குமான சதவீதம். முழு வெள்ளை டி-ஷர்ட்டுக்கு மட்டும் இன்னொரு விதி உண்டு. பாக்கெட், டிரிம், எம்பிராய்டரி இருக்கா இல்லையான்னு எழுதியே ஆகணும். ஒண்ணும் இல்லாத வெள்ளை டி-ஷர்ட் இங்க உள்ளாடை வரிசையில ஒரு தனி எண்ணுக்குப் போகும். உங்களுக்குப் பாக்கெட் இருக்கறதால வேற எண். வரி சதவீதம் ஒண்ணுதான், ஆனா எழுதலைன்னா நான் ஊகிக்க முடியாது.

---

இழைப்பந்து · இரவு 9:05

முழு உடுப்புக்கும் சதவீதம் எப்படிங்கக்கா எடுக்கறது? லேப் ரிப்போர்ட் துணிக்கு மட்டும்தான் இருக்கு.

---

நியூவார்க் நிலா · இரவு 9:20

துணி எடை பாக்கற ஜிஎஸ்எம் தராசு இருக்கும்ல? ஒரு பீஸை நிறுத்துங்க. கழுத்து ரிப்பை தையல் ஓரமா வெட்டி எடுத்துத் தனியா நிறுத்துங்க.

---

இழைப்பந்து · மறுநாள் காலை 9:10

நிறுத்தேனுங்க. எம் சைஸ் முழு பீஸ் 150 கிராம். ரிப் 6 கிராம். அதுல 5 சதம்னா எலாஸ்டேன் 0.3 கிராம், மொத்தத்துல 0.2 சதவீதம். கட்டிங் மாஸ்டர் "நல்ல பீஸை எதுக்குடா வெட்டற"ன்னு கத்தினார்.

இப்படி மாத்தியிருக்கேன்:

```
1) MEN'S KNITTED T-SHIRTS, ALL WHITE, SHORT SLEEVE,
   CREW NECK, WITH ONE CHEST POCKET, NO EMBROIDERY
   SHELL 100% COTTON / NECK RIB 95% COTTON 5% ELASTANE
   WHOLE GARMENT 99.8% COTTON 0.2% ELASTANE
   HS 6109.10   3000 PCS @ USD 3.10 = USD 9,300.00
2) MEN'S KNITTED T-SHIRTS, CHARCOAL MELANGE,
   SHORT SLEEVE, CREW NECK, NO POCKET
   60% POLYESTER 40% COTTON (SELF FABRIC NECK)
   HS 6109.90   1800 PCS @ USD 3.10 = USD 5,580.00
COUNTRY OF ORIGIN: INDIA
```

---

ஹார்பர் ரோடு · காலை 9:55

இது இன்வாய்ஸ். ஷிப்பிங் பில்லுலயும் ரெண்டு ஐட்டமாப் பிரியும், எட்டு இலக்கத்தோட. டிராபேக் பட்டியல்லயும் காட்டனுக்கு ஒரு வரிசை, கலப்புக்கு வேற வரிசை. ஒரே லைனா விட்டிருந்தா அங்கயும் தப்பாத்தான் போயிருக்கும்.

ஜிஎஸ்டி பக்கம் ரெண்டு விசயம். வரி கட்டாம எல்யூடி-யில அனுப்பறீங்கன்னா அந்த வாசகம் இன்வாய்ஸ்ல அச்சாகியிருக்கணும், போகிற நாட்டுப் பேரும் இருக்கணும். இன்னொண்ணு, இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்துக்குள்ள, ரிட்டர்ன்ல போடற அதே நம்பர். கமர்ஷியலுக்கு ஒரு நம்பர், ஜிஎஸ்டி-க்கு ஒரு நம்பர்னு வச்சுக்கிட்டு வரி கட்டி அனுப்பி, ரீஃபண்டுக்கு நம்பர் பொருந்தலைன்னு SB005 எர்ரர் வாங்கி உக்காந்திருக்கறவங்க தனிக் கூட்டம்.

பிஎல் பாத்தீங்களா? அதுக்குப் பதில் வரலை.

---

சாம்பிள் ராணி · காலை 10:30

எனக்கும் இதே பிரச்சனைதான்! கூரியர்ல நாலு சாம்பிள் அனுப்பினேன். "நோ கமர்ஷியல் வேல்யூ"-ன்னு போட்டு விலை பூஜ்யம்னு எழுதினேன், பிடிச்சு வச்சுட்டாங்க. சிஐஎஃப் போடணுமா எஃப்ஓபி போடணுமா?

---

நியூவார்க் நிலா · மாலை 6:35

ராணி, உங்களுது வேற கேள்வி. விக்காத சரக்குக்கும் கஸ்டம்ஸுக்காக ஒரு மதிப்பு எழுதணும், பூஜ்யம் ஆகாது. விற்பனைக்கில்லைன்னு பக்கத்துல சேர்த்துக்கலாம். அமெரிக்காவுக்குன்னா துணி சாம்பிளை உடுத்த முடியாத மாதிரி வெட்டியோ, அழியாத மையில பெருசா "SAMPLE" அடிச்சோ அனுப்பினா வரி இல்லாம வரும். தனிப் பதிவு போட்டா விவரமாப் பேசலாம்.

தம்பி, டிஸ்கிரிப்ஷன் இப்ப நல்லா இருக்கு. எம்ஐடி எங்க?

---

இழைப்பந்து · இரவு 7:12

ஹார்பர் அண்ணா, பிஎல் டிராஃப்ட்ல "ஃப்ரெய்ட் கலெக்ட்"-னு இருந்துச்சுங்க! ஃபார்வர்டர் நான் பிடிச்ச ஆள்தான். கேட்டா "எல்லாரும் எஃப்ஓபி-தான் அனுப்பறாங்க, பழக்கத்துல போட்டுட்டோம்"ங்கறார். ப்ரீபெய்டுன்னு மாத்தியாச்சு.

எம்ஐடி-ங்கறது புரியலைங்கக்கா. அப்புறம், தையல் நான் ஜாப் வொர்க்தான் குடுக்கறேன். கட்டிங்கும் பேக்கிங்கும் எங்ககிட்ட. வெள்ளை ஒரு யூனிட், சார்கோல் வேற யூனிட்.

---

ஹார்பர் ரோடு · இரவு 7:25

கலெக்டோட போயிருந்தா பையர் அங்க கூலி கட்டியிருப்பார், 14,880-லயும் ஒருதடவை கட்டியிருப்பார். இன்வாய்ஸ் சிஐஎஃப், பிஎல் கலெக்ட். ரெண்டு பேப்பரும் ரெண்டு கதை சொல்லும். நல்லவேளை.

---

நியூவார்க் நிலா · இரவு 8:02

எம்ஐடி-ங்கறது தயாரிச்சவரோட குறியீடு. நாட்டோட ரெண்டு எழுத்து, கம்பெனிப் பேர்ல முதல் ரெண்டு சொல்லுல மூணு மூணு எழுத்து, அட்ரஸ்ல உள்ள எண், ஊர்ப் பேர்ல மூணு எழுத்து. கதவு எண் 124-ன்னு வச்சா இந்த மாதிரி வரும்:

```
INAAABBB124TIR
```

துணிமணிக்கு இது விக்கறவரோடதா இருக்கக் கூடாது, உண்மையில தயாரிச்ச இடத்தோடதா இருக்கணும். டி-ஷர்ட்டுக்கு அது சேர்த்துத் தச்ச இடம். அப்ப உங்க கேஸ்ல ரெண்டு ஐட்டத்துக்கும் ரெண்டு எம்ஐடி. ரெண்டு யூனிட்டோட பேரும் முழு அட்ரஸும் இன்வாய்ஸ்ல வரணும்.

---

இழைப்பந்து · இரவு 8:20

அதுதான் இடிக்குது. பேர் போட்டா பையர் நேரா அந்த யூனிட்டுக்கே போன் போட்டுடுவார். நானும் அப்படித்தான் இங்க வந்து நிக்கறேன். கட்டிங் எங்களுது, எங்க பேரையே போட்டா என்ன?

---

கணக்குப்புள்ள · இரவு 8:33

கட்டிங் நீங்க பண்றீங்கன்னா நீங்கதான் உற்பத்தியாளர். போடலாம்.

---

நியூவார்க் நிலா · இரவு 8:50

கட்டிங் வச்சு இங்க முடிவு பண்றதில்லை. தச்ச யூனிட்டைக் கேட்டு கஸ்டம்ஸ் ஒருநாள் தயாரிப்புப் பதிவேடு கேக்கும், டைம் கார்டு கேக்கும். உங்க அட்ரஸ்ல தையல் மெஷினே இல்லைன்னா என்ன காட்டுவீங்க? பையரை நம்பலைன்னா குறியீட்டை இங்க இருக்கற பையரோட புரோக்கருக்கு நேரா அனுப்பலாமான்னு கேட்டுப் பாக்கலாம். ஆனா புரோக்கர் வேலை பாக்கறது பையருக்காகத்தான், ரகசியம் நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு விட்டுட்டேன். மெயின் லேபிள், ஹேங் டேக் எல்லாம் யார் குடுத்தது?

---

இழைப்பந்து · இரவு 9:04

லேபிள், டேக் ரெண்டும் பையர் இலவசமா அனுப்பினதுங்க. நான் கணக்குலயே எடுக்கலை.

---

நியூவார்க் நிலா · இரவு 9:18

பையர் இலவசமாக் குடுத்த பொருளும் சரக்கோட மதிப்புல ஒரு பங்கு. இன்வாய்ஸ் விலையில சேராத அப்படிப்பட்டதைத் தனியாக் குறிப்பிடணும். "லேபிள், டேக் பையர் வழங்கியது, விலையில் சேரவில்லை"-ன்னு ஒரு வரி போடுங்க. அதோட மதிப்பு அவங்களுக்குத்தான் தெரியும், என்ட்ரியில சேர்க்கறது அவங்க பாடு. எல்லா லேபிளும் சேருமான்னு எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி இருக்கு. எழுதி வச்சுட்டா முடிவு அவங்களோடது.

---

கரூர் தறி · இரவு 9:40

எங்க பையர் எம்பிராய்டரி நூலே அனுப்பறார், மூணு வருசமா. ஒருதடவையும் எழுதினதில்லை. ஜெர்மனிக்கும் இது உண்டா?

---

நியூவார்க் நிலா · இரவு 9:52

இலவசமாக் குடுத்த பொருளைக் கூட்டணுங்கற விதி அங்கயும் இருக்கு. உங்க பையரோட ஆள்கிட்டக் கேளுங்க, இங்க இருந்து நான் சொல்ல முடியாது.

---

இழைப்பந்து · மறுநாள் மாலை 4:30

சிஹெச்ஏ இன்வாய்ஸை ஏத்துக்கிட்டார். ஷிப்பிங் பில் ரெண்டு ஐட்டமாப் போட்டாச்சு. பேக்கிங் லிஸ்ட்லயும் பெட்டி 1-ல இருந்து 62 வரைக்கும் வெள்ளை, 64-ல இருந்து 100 வரைக்கும் சார்கோல்னு பிரிச்சுட்டேன். பெட்டிக்கு 48 பீஸ்ல 3000 சரியா வகுபடலை. 63-ம் பெட்டியில மட்டும் 24 வெள்ளையும் 24 சார்கோலும் கலந்து இருக்கு. அதையும் எழுதியாச்சு.

வெள்ளை தச்ச யூனிட்காரர் பேர் போட ஒத்துக்கிட்டார். சார்கோல் தச்சவர் "என் பேர் எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது"ங்கறார், ஏன்னு சொல்ல மாட்டேங்கறார். கட்-ஆஃப் வெள்ளிக்கிழமை. நாளைக்குக் காலையில நேர்ல போய்ப் பாக்கப் போறேன்.

---

ஹார்பர் ரோடு · மாலை 4:48

ஏன்னு எனக்குத் தெரியும், இங்க எழுத வேண்டாம். அவர் ஒத்துக்கலைன்னா 1800 பீஸை இந்தக் கப்பல்ல ஏத்தாதீங்க. வெள்ளையை மட்டும் அனுப்புங்க, எல்சிஎல்-தானே. ஃப்ரெய்ட்டு மாறும், அந்த நாலு வரியை மறுபடி போட்டுட்டு எனக்கு ஒரு தடவை காட்டுங்க.